‘சொன்னாங்க’ என்றால் யார் சொன்னது?

வேலையிடத்தில் அடிபட்ட தமிழகத் தொழிலாளர்கள் தங்களுக்கு நடந்ததைச் சொல்வார்கள். அதை நான் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பேன். சில ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்கா பக்கம் நண்பர்களோடு சேர்ந்து இதைச் செய்துவருகிறேன். அந்தத் தாளைத்தான் பிறகு வழக்கறிஞர் படிக்கிறார், காப்புறுதி நிறுவனம் படிக்கிறது, மனிதவள அமைச்சும் பார்க்கிறது. அவர்கள் யாரும் அந்தத் தொழிலாளி பேசிய தமிழைக் கேட்டதில்லை. அவர்களைப் பொறுத்தவரை, அவர் சொன்னது என்பது நான் எழுதிய ஆங்கிலம்தான்.

நான் சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவள். தமிழைத் தாய்மொழிப் பாடமாகப் படித்தேன், மற்றதெல்லாம் ஆங்கிலத்தில். இரண்டு மொழியும் தெரியும், எழுதிக் கொடுப்பதில் என்ன சிரமம் என்ற எண்ணத்தோடுதான் இந்த வேலைக்கு வந்தேன். மருத்துவச் சொற்களும் கட்டுமானச் சொற்களும்தான் கடினமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அவற்றை ஒரு நோட்டில் எழுதிவைத்துப் பழகிக்கொள்ள முடிந்தது. என்னைத் திணற வைத்தது வினைமுற்று. ‘போனாங்க’, ‘சொன்னாங்க’, ‘தூக்கச் சொல்லியிருந்தாங்களாம்’ என்று பிறந்ததிலிருந்து காதில் விழுந்துகொண்டிருக்கும் சாதாரணச் சொற்கள்தான். ஆங்கிலத்தில் எழுத உட்காரும்போதுதான் அவற்றுக்குள் எத்தனை செய்தி இருக்கிறது, எந்தச் செய்தி இல்லை என்பது தெரிகிறது.

ஒரு தம்பியின் கதையை வைத்தே சொல்கிறேன். சிவகங்கைப் பக்கத்துக்காரர். லாரியில் வந்த இரும்புக் குழாய்க் கட்டைக் கிரேன் தூக்கும்போது கட்டு ஆடி, லாரிப் பலகைக்கும் குழாய்க்கும் நடுவில் கை சிக்கி, வலக்கையில் இரண்டு விரல் நசுங்கிவிட்டது. கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அவர் சொன்ன வாக்கியங்கள் மூன்றுதான்.

“ஒரே பெல்ட்டுல தூக்கச் சொல்லியிருந்தாகளாம்க்கா. பைப்பு ஆடிருச்சு. கை மாட்டிக்கிருச்சு.”

அவர் என்னிடம் வருவதற்கு முன்பே யாரோ உதவி செய்வதாக நினைத்து ஒரு தாளில் ஆங்கிலம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். முதல் வாக்கியம் அதில் இப்படி இருந்தது: ‘தே டோல்ட் மீ டு லிஃப்ட் வித் ஒன் பெல்ட்.’ படித்தால் பிழை தெரியாது. இலக்கணம் சரி, தமிழில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் அதில் ஓர் இடம் இருக்கிறது. ஆனால் அந்த வாக்கியம் சொல்லும் நிகழ்ச்சி நடக்கவே இல்லை.

‘தூக்கச் சொல்லியிருந்தாகளாம்’ என்பதைப் பிரித்துப் பார்ப்போம். ‘தூக்க’ என்பது என்ன செய்ய வேண்டும் என்ற ஏவல். ‘சொல்லி’ என்பது ஒருவர் வாயால் சொன்னது. ‘இருந்த்’ வந்ததால், விபத்துக்கு முன்பே சொல்லி முடித்தாயிற்று என்று தெரிகிறது. ‘ஆக’ என்பது சிவகங்கை, இராமநாதபுரம் பக்கத்து மரியாதை விகுதி. மற்ற ஊர்க்காரர்கள் ‘ஆங்க’ என்பார்கள், திருநெல்வேலிப் பக்கம் ‘ஆவ’ என்றும் கேட்கலாம். கடைசியில் இருக்கும் ‘ஆம்’ மிகச் சிறியது. இதை நான் நேரில் கேட்கவில்லை, பிறர் சொல்லித் தெரிந்துகொண்டேன் என்று அது சொல்கிறது.

எழுவாயே இல்லாமல் தமிழில் இது முழு வாக்கியம். ஆங்கிலத்தில் இதற்கு ஒரு வாக்கியம் எழுத வேண்டுமானால் எழுவாய் கட்டாயம் வேண்டும். அந்த எழுவாய் ஹியா, ஷியா, தேயா என்று தேர்ந்தெடுக்க வேண்டும். யாரிடம் சொன்னார் என்பதையும் எழுத வேண்டும். ‘டோல்ட்’ என்ற சொல் ஆளைக் கேட்கும். எதைத் தூக்க என்பதையும் எழுத வேண்டும். தமிழ் வினைமுற்று திறந்து வைத்திருக்கும் இடங்களையெல்லாம் ஆங்கிலம் நிரப்பச் சொல்கிறது. எழுதுகிறவர் கேட்காமல் நிரப்பினால், அங்கே நிற்பது எழுதுகிறவரின் ஊகம். கையெழுத்துப் போடுபவரோ தொழிலாளி.

முதலில் ‘ஆங்க’ விகுதியைப் பார்ப்போம். இன்றைய பேச்சுத் தமிழில் அது மூன்று வேலை செய்கிறது. பலர் சேர்ந்து சொன்னாலும் ‘சொன்னாங்க’. ஒரு பெண்ணை மரியாதையாகக் குறித்தாலும் ‘சொன்னாங்க’. ஓர் ஆணை மிகுந்த மரியாதையோடு குறித்தாலும், பல ஊர்களில், ‘சொன்னாங்க’தான். ‘சொன்னாரு’ என்று வந்தால் ஓர் ஆள் என்று நிம்மதியாக இருக்கலாம். ‘ஆங்க’ வந்தால் அந்த நிம்மதி கிடையாது.

இந்தக் குழப்பம் நேற்று வந்ததல்ல. ஒருவரைப் பன்மையில் சொல்வதைத் தொல்காப்பியமே கவனித்திருக்கிறது. அது வழக்கில் வந்த உயர்வுச் சொல், இலக்கண நெறிப்படி அமைந்ததல்ல என்று அந்த நூல் வரையறுக்கிறது. பழந்தமிழில் ‘வந்தார்’ என்பது பலரைக் குறித்த சொல். அது மரியாதைக்காக ஒருவருக்கும் வழங்கி வழங்கி, ஒருவருக்கே உரியதாக நிலைத்துவிட்டது. பலரைக் குறிக்க ‘கள்’ சேர்ந்து ‘வந்தார்கள்’ ஆயிற்று. பிறகு அதையும் மரியாதைக்காக ஒருவருக்குச் சொல்லத் தொடங்கினோம். அதன் பேச்சு வடிவம்தான் ‘வந்தாங்க’. தமிழர் மரியாதை ஒவ்வொரு முறையும் பன்மையைக் கடன் வாங்கியே வளர்ந்திருக்கிறது. வீட்டில் பேசும்போது இதனால் எந்தக் குழப்பமும் வருவதில்லை. யாரைப் பற்றிப் பேச்சு என்று எல்லாருக்கும் தெரியும். வாக்குமூலத் தாளைப் படிக்கிற அந்நியருக்கு அது தெரியாது.

அந்தத் தம்பியிடம் நான் கேட்டேன்.

“தம்பி, ‘சொல்லியிருந்தாகளாம்’னு சொன்னீங்க. யாரு சொன்னது?”

“சூப்பர்வைசருதாங்க்கா.”

“எத்தனை பேரு?”

“ஒருத்தருதான்.”

“யாருகிட்டச் சொன்னாரு?”

“சிக்னல்மேன் அண்ணன்கிட்ட. காலையிலயே சொல்லியிருந்தாகளாம். நான் அப்ப அங்க இல்லக்கா, மேல வேலையில இருந்தேன். ஆஸ்பத்திரியில வந்து பாத்தப்பதான் அண்ணன் சொன்னாரு.”

இப்போது அந்தப் பழைய ஆங்கில வாக்கியத்தைத் திரும்பப் பாருங்கள். ‘தே’ என்று இருந்தது, சொன்னவர் ஒருவர். ‘மீ’ என்று இருந்தது. அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவரே நேரில் கேட்டதுபோல இருந்தது; அவர் கேள்விப்பட்டதுதான். அவரே கட்டித் தூக்கியதுபோலவும் ஒரு தொனி இருந்தது. பாரத்தைக் கட்டியது வேறு ஆள். இவ்வளவும் போக, ‘பெல்ட்’ என்ற சொல் இருந்தது. பாரத்தைச் சுற்றிக் கட்டும் பட்டையைத் தொழிலாளர்கள் பெல்ட் என்பார்கள். அதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் ஸ்லிங். அலுவலகத்தில் உட்கார்ந்து படிப்பவர் பெல்ட் என்றதும் இடுப்பில் மாட்டும் பாதுகாப்புப் பட்டையை நினைத்துக்கொள்வார்.

‘எந்த சூப்பர்வைசர்?’ என்ற கேள்வியும் மிச்சம் இருந்தது. சிங்கப்பூரில் கிரேன் இயக்குவதற்கான 2011ஆம் ஆண்டு விதிகளின்படி, பாரம் தூக்கும் வேலைக்கு மேற்பார்வையாளர், பாரத்தைக் கட்டும் ரிக்கர், சைகை காட்டும் சிக்னல்மேன் என்று ஆட்களை நியமிக்க வேண்டும். தளத்தில் பொது மேற்பார்வையாளர் ஒருவரும் இருப்பார். தொழிலாளர் வாயில் இரண்டு பேருமே சூப்பர்வைசர்தான். கேட்டபோது, தளத்தின் பொது மேற்பார்வையாளர் என்று தம்பி சொன்னார். அப்படியானால் பாரம் தூக்குவதற்குப் பொறுப்பான ஆள் அந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்று வழக்கறிஞர் அடுத்துக் கேட்க வேண்டியிருக்கும். விகுதியில் மறைந்திருந்த ஆளைத் தேடிப் போனதால் கிடைத்த கேள்வி அது.

நான் எழுதிய வாக்கியம் இது: ‘தி சிக்னல்மேன் டோல்ட் மீ தேட் தி சைட் சூப்பர்வைசர் ஹேட் டோல்ட் ஹிம் டு லிஃப்ட் தி பண்டில் வித் ஒன் ஸ்லிங்.’ தமிழில் நான்கே சொல்; ஆங்கிலத்தில் பதினெட்டு. தமிழில் ‘ஆம்’ என்று ஓரசையாக நின்றது ஆங்கிலத்தில் முதல் ஐந்து சொல்லாக விரிந்தது. ‘இருந்த்’ என்பது ‘ஹேட்’ ஆயிற்று. ‘ஆக’ என்ற விகுதி ‘தி சைட் சூப்பர்வைசர்’ ஆயிற்று.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பாதிக்கப்பட்டவருக்கு இங்கே இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம். இப்போதுள்ள சட்டம் 2019இல் இயற்றப்பட்டு 2020 செப்டம்பர் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதன்படி இழப்பீடு கேட்க யார் தவறு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. வேலை செய்யும்போது, வேலையின் காரணமாக அடிபட்டது என்பது போதும். விபத்து நடந்த ஓராண்டுக்குள் கோர வேண்டும். இன்னொன்று நீதிமன்றத்தில் வழக்குத் தொடுப்பது. அதற்குக் கெடு மூன்றாண்டு. அங்கே யாருடைய கவனக்குறைவு என்று காட்டியாக வேண்டும். இரண்டிலும் இழப்பீடு வாங்க முடியாது, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம்.

முதல் வழியில் ‘தே டோல்ட் மீ’ என்று இருந்தாலும் பெரிய சேதம் வராமல் போகலாம். இரண்டாவது வழிக்குப் போகிறவருக்கு அந்த ஒரு வாக்கியமே எதிராகத் திரும்பும். சிங்கப்பூரின் சாட்சியச் சட்டப்படி, காதால் கேட்டதைச் சாட்சியாகச் சொல்ல வேண்டுமென்றால், கேட்டவரே வந்து சொல்ல வேண்டும் என்பது பொது விதி. ‘என்னிடம் சொன்னார்கள்’ என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு குறுக்குக் கேள்வியில் ‘நான் கேட்கவில்லை, அண்ணன் சொல்லித்தான் தெரியும்’ என்றால், உண்மை பேசியவர் பொய்யர்போல நிற்க நேரிடும். அவர் தமிழில் சொன்ன முதல் வாக்கியத்திலேயே ‘ஆம்’ என்று ஒழுங்காகச் சொல்லியிருந்தார். அதைத் தொலைத்தது மொழிபெயர்ப்பு. அதோடு, நேரில் கேட்டவர் சிக்னல்மேன்தான் என்பது முதலிலேயே தெரிந்தால்தான் வழக்கறிஞர் அவரைத் தேடிப் பேச முடியும்.

அடுத்தது காலம். தமிழ் வினைமுற்றில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது எதிர்கால வடிவம்தான். அதை நாம் எதிர்காலத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வதில்லை. தினமும் செய்வதைச் சொல்லவும் அதுதான்: ‘காலையில அஞ்சு மணிக்கே லாரி வரும்.’ முன்பு வழக்கமாகச் செய்ததைச் சொல்லவும் அதுதான். ‘இரு’ என்ற துணைவினையோடு சேர்ந்தால், நடந்ததைப் பற்றிய ஊகமாகவும் ஆகிவிடும்.

தம்பியிடம் கையுறை பற்றிக் கேட்டேன்.

“க்ளவ்ஸ் போட்டிருந்தீங்களா?”

“போட்டிருப்பேங்க்கா.”

‘போட்டிருப்பேன்’ என்பதை உறுப்பு உறுப்பாக மாற்றினால் ‘ஐ வுட் ஹேவ் வோர்ன்’ என்று வரும். அதைப் படிக்கும் ஆங்கிலக்காரர், அவர் போடவில்லை என்றே எடுத்துக்கொள்வார். கொடுத்திருந்தால் போட்டிருப்பேன், கொடுக்கவில்லை என்ற பொருள் அங்கே தானாக வந்துவிடும். தமிழிலும் அந்தப் பொருள் உண்டு, ‘குடுத்திருந்தா’ என்று முன்னால் ஒரு சொல் இருந்தால். தனியாக நிற்கும்போது பெரும்பாலும் நேர் எதிர்ப்பொருள்: எப்போதும் போடுகிறவன், அன்றைக்கும் போட்டுத்தான் இருந்திருக்க வேண்டும். ஒரே வினைமுற்று, போட்டதற்கும் போடாததற்கும் ஆங்கிலத்தில் சாட்சியாகிவிடுகிறது. பாதுகாப்புப் பொருளை அணியாமல் வேலை செய்தார் என்று ஒரு தாளில் பதிவாகிவிட்டால், அடிபட்டதில் அவருக்கும் பங்கு உண்டு என்று வாதாட எதிர்த்தரப்புக்கு அது போதும்.

அதனால், “ஞாபகம் இருந்து சொல்றீங்களா, இல்ல வழக்கமாப் போடுவோம்ங்கிறதால சொல்றீங்களா?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு சொன்னார்: “இல்லக்கா, போட்டிருந்தேன். ரத்தம் வந்தப்ப க்ளவ்ஸக் கழட்டுனாக.”

‘போட்டிருப்பேன்’ என்ற ஊகம் ‘போட்டிருந்தேன்’ என்ற நினைவாக மாறியது இப்படித்தான். கழற்றினார்கள் என்பது அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. கழற்ற வேண்டுமானால் கையில் இருந்திருக்க வேண்டும். ஆனால் இங்கேயும் ‘ஆக’ வந்துவிட்டது. யார் கழற்றியது என்று கேட்டால், கூட வேலை செய்த இரண்டு பேர். முதல் வாக்கியத்தில் அதே விகுதி ஓர் ஆளைக் குறித்தது. இங்கே இரண்டு ஆள். ஒரே வாயில், ஒரே பேச்சில், விகுதி மாறவில்லை. முதல் தடவை கேட்டுத் தெரிந்துகொண்டதை வைத்து அடுத்ததையும் முடிவு செய்ய முடியாது என்பதை அன்றைக்கு நன்றாக உணர்ந்தேன்.

மூன்றாவது வாக்கியம் ‘கை மாட்டிக்கிருச்சு’. இதற்கு எழுவாய் கை, தம்பி அல்ல. ‘கொள்’ என்ற துணைவினை அந்தச் செயல் அந்தக் கையோடே முடிந்தது என்று காட்டுகிறது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. இதை ‘ஐ காட் மை ஹேண்ட்’ என்று ‘நான்’ போட்டு எழுதினால், அவரே போய்க் கையைக் கொடுத்ததுபோலத் தொனிக்கும். ஆங்கிலத்திலும் கையையே எழுவாயாக வைக்கலாம்: ‘மை ஹேண்ட் காட் காட்.’ இன்னும் எழுத்து நடைக்கு வேண்டுமானால் ‘மை ஹேண்ட் வாஸ் ட்ராப்ட் பிட்வீன் தி பைப்ஸ் அண்ட் தி சைட் ஆஃப் தி லாரி.’ எதற்கும் எதற்கும் நடுவில் என்பதையும் கேட்டுச் சேர்க்க வேண்டும். ஆங்கில வாக்கியத்தில் எழுவாய் இடத்தில் ‘நான்’ என்று போட்டுத்தான் ஆகவேண்டும் என்ற பழக்கம் பலருக்கு இருக்கிறது. தமிழில் ‘ஏன்’ விகுதி இல்லாத இடத்தில் ஆங்கிலத்தில் ‘ஐ’ போடுவதற்கு முன் யாராக இருந்தாலும் ஒரு நொடி நின்று யோசிக்க வேண்டும்.

இனி மரியாதை. இதைப் பற்றி எழுதும்போது எனக்கு மனம் கனக்கிறது. இரண்டு விரல் போய், எம்சி முடிந்து, ‘லைட் டியூட்டி’ என்ற பேரில் என்ன செய்யச் சொல்வார்களோ என்று பயந்துகொண்டிருக்கும் நேரத்திலும், அந்தத் தம்பி மேற்பார்வையாளரை ‘சொன்னாக’ என்றுதான் சொன்னார். ஆங்கில ‘ஹி’யில் அந்த மரியாதைக்கு இடமில்லை. வேறொருவர், வயதில் மூத்தவர், பாதிக் கதைவரை ‘சொன்னாரு’ என்று சொல்லிவந்து, சம்பளப் பாக்கி பற்றிய இடம் வந்ததும் ‘சொன்னான்’ என்று மாறினார். ஆங்கிலத்தில் இரண்டும் ‘ஹி செட்’தான். அவர் கோபம் கொண்ட இடம் எது என்பது தாளில் இருக்காது.

இதற்கு நான் கைக்கொள்ளும் வழி எளியது. மரியாதையோடு சொல்லும் ஆளுக்கு அவர் பதவிப் பெயரை எழுதுகிறேன்: ‘மை சூப்பர்வைசர்’, ‘தி சேஃப்டி ஆஃபீசர்’. அவர் சொல்லாத ‘சார்’ போன்ற சொல்லைச் சேர்ப்பதில்லை. கோபத்தை எடுத்துக்காட்ட ஆங்கிலத்தில் கடுஞ்சொல் எதையும் சேர்ப்பதும் இல்லை. ‘ஆன்’ விகுதி வசைச்சொல் அல்ல. முக்கியம் என்று பட்டால், ‘இந்த இடத்திலிருந்து பேசியவர் மரியாதையில்லா வடிவத்துக்கு மாறினார்’ என்று மொழிபெயர்ப்பவர் குறிப்பாகத் தனியே எழுதுகிறேன்.

ஒரு வேண்டுகோளை மொழிபெயர்க்கும்போது மரியாதை தொலைந்தால் சேதம் அதிகம். “பாத்துக் குடுக்கச் சொல்லுங்க்கா” என்றார் தம்பி. ‘டெல் தெம் டு பே’ என்று எழுதினால் அது கட்டளை. அவர் கட்டளையிடவில்லை. ‘பாத்து’ என்ற சொல்லில் என் நிலையைக் கருதி என்ற பணிவு இருக்கிறது. ‘உங்க’ விகுதியில் எனக்கான மரியாதை இருக்கிறது. ஆங்கிலம் மரியாதையை வினையின் வாலில் வைப்பதில்லை. வாக்கியம் முழுவதிலும் பரப்பி வைக்கிறது. ‘ஐ வுட் பி கிரேட்ஃபுல் இஃப் தே குட் கன்சிடர் மை சிச்சுவேஷன்’ என்று தொடங்கினால்தான் அவர் பேசிய குரல் அங்கே கேட்கும்.

சொன்னவர் யார் என்று தொழிலாளிக்கே தெரியாத நேரமும் வரும். டார்மில் ஒரு நாள் அறிவிப்பு வந்திருக்கும். லாரியில் ஏறச் சொல்லியிருப்பார்கள். எவர் என்று யாருக்கும் தெரியாது. அங்கே ‘தே’ என்று போட்டால், பலர் என்ற செய்தியை நாமே சேர்த்தவர்களாவோம். ஆங்கிலத்தில் இதற்கு நேர்மையான வழி செயப்பாட்டுவினை: ‘ஐ வாஸ் டோல்ட் டு கெட் ஆன் தி லாரி.’ சொன்னவர் ஆணா பெண்ணா, ஒருவரா பலரா என்ற எதையும் அது சொல்லாது. கூடவே ‘யார் சொன்னது என்று எனக்குத் தெரியாது’ என்ற வாக்கியத்தையும் எழுதிவிட வேண்டும். தொழிலாளிக்குத் தெரிந்திருக்கும்போது இதே செயப்பாட்டுவினையை எழுதினால், அது பொறுப்பானவரை மறைத்துவிடும். ஒரே வாக்கிய வடிவம் ஓரிடத்தில் நேர்மை, இன்னோரிடத்தில் மறைப்பு. எது என்பதைத் தொழிலாளியிடம் கேட்டால் மட்டுமே தெரியும்.

கேட்பதற்கும் முறை இருக்கிறது. “சூப்பர்வைசரா சொன்னாரு?” என்று நான் கேட்டிருந்தால், தம்பி ஆமாம் என்று தலையாட்டியிருக்கலாம். படித்தவர் கேட்கிறார், மறுத்துப் பேசக் கூடாது என்று நினைக்கிறவர்கள் அவர்கள். அதனால் பெயரை நாம் எடுத்துக்கொடுக்கக் கூடாது. ‘யாரு?’, ‘எத்தனை பேரு?’, ‘யாருகிட்ட?’, ‘நீங்க நேர்ல கேட்டீங்களா?’ என்ற கேள்விகளையே நான் கேட்கிறேன். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பவருக்கு இந்த உரிமைகூடக் கிடையாது. அங்கே சாட்சி சொன்னது இரண்டு பொருள் தருகிறது என்று நீதிபதியிடம் சொல்லி, அனுமதி பெற்றே விளக்கம் கேட்க வேண்டும். ஆகவே இந்தச் சிக்கலைத் தீர்க்க வேண்டிய இடம் முதல் தாள் எழுதும் மேசைதான்.

எழுதி முடித்ததும் ஆங்கிலத்தைத் தமிழில் திரும்பச் சொல்லிக் காட்டுகிறேன். அப்போது ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன்: ‘ஆங்க’ விகுதியை மட்டும் நம்பி எதையும் சொல்வதில்லை. “சைட் சூப்பர்வைசர் ஒருத்தர் சிக்னல்மேன்கிட்டச் சொன்னாரு, சிக்னல்மேன் உங்ககிட்டச் சொன்னாரு, உங்க கூட வேலை பாத்த ரெண்டு பேரு க்ளவ்ஸக் கழட்டுனாங்க. சரியா?” என்று ஆளும் எண்ணும் வெளியே தெரியும்படி சொல்கிறேன். ‘கழட்டுனாங்க’ என்று முடித்தாலும் முன்னால் ‘ரெண்டு பேரு’ இருக்கிறது. அவர் சொன்ன வினைமுற்றையே அவரிடம் திருப்பிச் சொன்னால், அவர் எல்லாவற்றுக்கும் சரி என்பார். அது அவர் சொன்னதுதானே. நான் எந்தப் பொருளை எடுத்துக்கொண்டேன் என்று அவருக்குத் தெரிந்தால்தான், தவறாக இருந்தால் தடுத்துச் சொல்வார். அவருடைய தமிழ் வாக்கியத்தையும் தாளின் இடப்பக்கத்தில் அவர் சொன்னபடியே, ‘ஆக’ உட்பட, எழுதிவைக்கிறேன். பின்னால் யாருக்காவது சந்தேகம் வந்தால் இன்னொரு தமிழ் அறிந்தவர் பார்த்துக்கொள்ள முடியும்.

சிங்கப்பூரில் தமிழும் ஆங்கிலமும் தெரிந்த நம்மிடம் உதவி கேட்டு வருபவர்கள் நிறையப் பேர். மருத்துவமனை வரிசையில், எம்ஆர்டி நிலையத்தில், கடை வாசலில், ஒரு தாளை நீட்டி ‘கொஞ்சம் எழுதித் தாங்க’ என்பார்கள். எழுதிக் கொடுங்கள். எழுதும் முன்பு, அவர் சொன்ன ஒவ்வொரு வினைமுற்றிலும் யார், எத்தனை பேர், யாரிடம், எப்போது, நேரில் கேட்டதா கேள்விப்பட்டதா என்று அவரிடமே கேளுங்கள். அதற்குப் பத்து நிமிடம் கூடுதலாக ஆகும். ஆங்கில வாக்கியத்தின் எழுவாயை நீங்களாக நிரப்பாதீர்கள். கையெழுத்துப் போடப் போகிறவர் நிரப்பட்டும்.